18 லட்சமா, மாதம் 14,000-ஆ?

ஓசூரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து 60 வயதில் ஓய்வு பெறுகிறேன். மொத்தமாக 18 லட்சம் வாங்கலாம், இல்லையென்றால் சாகும்வரை மாதம் 14,000. மனைவிக்கு 54 வயது. எதை எடுப்பது? இப்படி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பலரும் 14,000-ஐ 240 மாதத்தால் பெருக்கி, “33.6 லட்சம், பென்ஷன்தான் லாபம்” என்பார்கள். அது தப்புக் கணக்கு. 20 வருடம் கழித்து வரும் 14,000-ஐப் பெற, 7% வட்டியில் இன்று 3,500-க்கும் குறைவாகப் போட்டாலே போதும். இப்படி ஒவ்வொரு மாதத் தொகையையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்ட வேண்டும். எக்செல் செய்துவிடும்:

```
=PV(7%/12, 240, -14000)
```

விடை சுமார் 18.06 லட்சம். அதாவது 80 வயதுவரை இருந்தால் இரண்டும் சமம். 75 வயதோடு முடிந்தால் (180 மாதம்) பென்ஷனின் மதிப்பு 15.6 லட்சம்தான், 85 என்றால் 19.8 லட்சம்.

வட்டி விகிதத்தில்தான் சூட்சுமம். வரி போக உங்கள் கைக்கு நிஜமாக என்ன கிடைக்குமோ, அதைப் போடுங்கள். 6% என்றால் அதே 20 வருடம் 19.5 லட்சமாகிவிடும். மாந்தோப்பில் போட்டால் 12% வரும் என்று கிருஷ்ணகிரி மச்சான் சொல்வதையெல்லாம் இங்கே சேர்க்காதீர்கள்.

அப்புறம், இந்த 14,000 உங்களோடு நின்றுவிடுமா என்று கேளுங்கள். மனைவிக்கும் தொடரும் திட்டத்தில் 12,500 தருகிறார்கள் என்று வைப்போம். அவர் 85 வரை இருந்தால் 372 மாதம், 7% வட்டியில் மதிப்பு சுமார் 19 லட்சம். அப்படி ஒன்று கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.