வார மெயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் டீமில் 25 பேர். ஒவ்வொரு வெள்ளி மாலையும் வார மெயில் அனுப்புகிறேன். ஆனாலும் அதில் எழுதியதையே திரும்பக் கேட்கிறார்கள். எங்கே தவறு?
– வாசகி, சோழிங்கநல்லூர்

நீங்கள் அனுப்பிய மாதிரியில் ஒரு பத்தி இப்படி இருக்கிறது: "கடந்த வாரங்களில் நடந்த ஆலோசனைகளின் தொடர்ச்சியாக, பில்லிங் சாஃப்ட்வேரைப் புதிய சர்வருக்கு மாற்றும் பணி இந்த வார இறுதியில் நடைபெறும். சில சேவைகள் தற்காலிகமாகப் பாதிக்கப்படலாம்."

சனிக்கிழமை ஷிஃப்டில் இருப்பவருக்கு இதிலிருந்து எதுவும் தெரியாது. எத்தனை மணிக்கு நிற்கும், தான் என்ன செய்ய வேண்டும்? அதனால்தான் உங்களிடம் வந்து கேட்கிறார். இப்படி மாற்றிப் பாருங்கள்:

> சனி இரவு 9 முதல் ஞாயிறு காலை 6 வரை பில்லிங் ஓடாது. சனி ஷிஃப்டில் இருப்பவர்கள் அன்றைய பில்களை இரவு 8-க்குள் முடித்துவிடுங்கள். மாற்றத்துக்கான காரணமும் முழு விவரமும் இந்த லிங்க்கில்.

முதல் வரியைத் தடித்த எழுத்தில் வையுங்கள்; அதை மட்டும் படித்தாலே விஷயம் புரிந்துவிடும். ஒரு செய்திக்கு அப்படி ஒரு வரி போதும். பத்தி முழுக்கத் தடித்திருந்தால் கண் எங்கும் நிற்காது. பின்னணியைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அல்லது லிங்க்கில் வையுங்கள்.

அப்புறம், சனிக்கிழமை செய்ய வேண்டிய வேலையை வெள்ளி மாலை சொன்னால் யாருக்கும் அவகாசம் இருக்காது. வியாழன் காலைக்கு மாற்றுங்கள்.

தலைப்புகள் வாராவாரம் ஒரேமாதிரி இருக்க வேண்டுமா? சில வாரம் எழுத எதுவுமே இருப்பதில்லை.
– வாசகர், அம்பத்தூர்

வரிசை மாறக்கூடாது. "நீங்கள் செய்ய வேண்டியவை", "மாறியவை", "அடுத்த வாரம்" என்று மூன்று போதும். முதல் தலைப்பின் கீழ் ஒவ்வொரு வரியிலும் யார், எந்தத் தேதிக்குள் என்பது இருக்கட்டும். "அனைவரும் விரைவில்" என்று எழுதினால் ஒருவரும் செய்யமாட்டார்கள். மற்ற இரண்டையும் காலியாக இருந்தால் எடுத்துவிடலாம். முதல் தலைப்பை மட்டும் எடுக்காதீர்கள். "இந்த வாரம் எதுவும் இல்லை" என்று எழுதுங்கள். இல்லையென்றால், தன் வேலை கீழே எங்காவது ஒளிந்திருக்குமோ என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கும்.

சப்ஜெக்ட்டில் என்ன எழுதுவது?
– வாசகி, கிண்டி

ஃபோனில் முதல் சில சொற்கள்தான் தெரியும். "வாராந்திரச் செய்தி மடல்" என்று எழுதினால் அந்த இடம் வீண். "வாரம்: சனி இரவு பில்லிங் ஓடாது" என்று எழுதுங்கள். முதல் சொல் மாறாமல் இருந்தால் பிறகு தேடி எடுப்பதும் சுலபம்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பலாமா?
– வாசகர், தரமணி

அதை மட்டும் நம்பாதீர்கள். ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த மெயில் தனியுரிமை வசதி, படிப்பவர் திறக்காவிட்டாலும் மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். படம் இறங்கினாலே திறந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். மெயிலில் இருந்த விஷயத்தையே மறுபடி கேட்டு வரும் கேள்விகளைக் குறித்து வையுங்கள். ஒரே கேள்வி இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்தால், அந்தச் செய்தியின் முதல் வரியைத் திருத்த வேண்டும்.