பெட்ரோல் காசு வேறு, பைக் காசு வேறு: ஆபீஸ் ஓட்டத்துக்கு கிலோமீட்டருக்கு எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: டர்பனில் ஒரு சின்ன அக்கவுண்ட்ஸ் ஆபீஸில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்களிடம் ஃபைல் வாங்கவும் கொடுக்கவும் என் சொந்த 125 சிசி பைக்கில் மாதம் 700 கிலோமீட்டர் வரை ஓடுகிறேன். முதலாளி மாதம் 600 ரேண்ட் தருகிறார். "பெட்ரோலுக்கு 400கூட ஆகாது, மீதி உனக்கு லாபம்தானே" என்கிறார். நண்பர் ஒருவர் வரித்துறையான சார்ஸின் விகிதப்படி 3,300 கேள் என்கிறார். எது நியாயம்?

பதில்: இரண்டுமே இல்லை. நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்கு 1,200 ரேண்டை ஒட்டித்தான் நியாயமான தொகை வரும். எப்படி வருகிறது என்று முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பில்கள் என்னிடம் இல்லாததால் ஒரு சாதாரண 125 பைக்குக்கு நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். வழி அதேதான், உங்கள் எண்களை மாற்றிப் போட்டால் உங்கள் விடை வந்துவிடும்.

முதலாளி சொல்கிற 400 ரேண்ட் பெட்ரோல் கணக்கில் தப்பில்லை. ஆனால் பைக் பெட்ரோலை மட்டும் தின்பதில்லை, தன்னையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டேதான் ஓடுகிறது. டயர், செயின், பிரேக், எஞ்சின் ஆயில் எல்லாம் தேய்கின்றன, அதோடு பைக்கின் விற்பனை விலையும் இறங்குகிறது. இதெல்லாம் அன்றைக்கே பர்ஸிலிருந்து போவதில்லை என்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். ஒரு வருஷம் கழித்து இரண்டு டயரும் செயின் செட்டும் ஒரே மாதத்தில் மாற்ற வேண்டி வரும்போது அந்த "லாபம்" எங்கே போனதென்று தெரியும்.

பெட்ரோலிலிருந்து தொடங்குவோம். கம்பெனி விளம்பரத்தில் போட்ட மைலேஜை எடுக்காதீர்கள், நீங்களே அளந்து பாருங்கள். டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு வழக்கம்போல் ஓட்டுங்கள். அடுத்த தடவை மறுபடி நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை, அப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரு தடவை பார்த்தால் ஏமாற்றும், மூன்று டேங்க் சேர்த்துப் பாருங்கள். இங்கே பெட்ரோல் பங்கில் நாமே போட்டுக்கொள்வதில்லை, அங்கே நிற்கிறவர்தான் போடுகிறார். ஒருவர் பம்ப் நின்றதும் நிறுத்துவார், இன்னொருவர் கழுத்து வரை ஊற்றுவார். பைக் டேங்க் சின்னது, அரை லிட்டர் வித்தியாசமே கணக்கை நன்றாகச் சாய்த்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் பைக்கை ஒரே மாதிரி நிறுத்தி, ஒரே அளவு வரை போடச் சொல்லுங்கள். சாட்ஸ்வொர்த்தில் தெருத் தெருவாக நின்று நின்று போகிற நாளும், பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி க்ளூஃப் போகிற நாளும் ஒரே மைலேஜ் தராது, அதனால் அந்த மூன்று டேங்கில் இரண்டு மாதிரி ஓட்டமும் கலந்திருக்கட்டும்.

லிட்டருக்கு 40 கிலோமீட்டர் வந்தது, பெட்ரோல் லிட்டர் 22 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 55 சென்ட்.

அடுத்தது தேய்மானம். ஆயில் மாற்றி சர்வீஸ் செய்ய 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை 750 ரேண்ட் ஆகிறதென்றால் கிலோமீட்டருக்கு 25 சென்ட். இரண்டு டயர், செயின் செட், பிரேக் எல்லாம் சேர்த்து 15,000 கிலோமீட்டருக்கு 3,750 ரேண்ட் என்றால் அதுவும் 25 சென்ட். கடற்கரையை ஒட்டி ஓட்டுகிறவர்களுக்கு உப்புக் காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் புத்தகத்தில் போட்ட ஆயுளை நம்பாமல் போன தடவை மாற்றிய பில்லைத் தேடி எடுத்து, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாருங்கள்.

பைக்கின் விலை இறங்குவதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். 28,000 ரேண்டுக்கு வாங்கிய பைக்கை நாலு வருஷத்தில் 60,000 கிலோமீட்டர் ஓட்டி 10,000க்கு விற்பீர்கள் என்று வையுங்கள். போனது 18,000, அதை 60,000 கிலோமீட்டரால் வகுத்தால் 30 சென்ட். பழைய பைக்காக வாங்கியிருந்தால் விலை இறக்கம் இதைவிடக் குறையும், ஆனால் ரிப்பேர் ஏறும், பெரும்பாலும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும்.

ஆக, ஓடினால் மட்டும் ஆகிற செலவு 55, 25, 25, 30 என்று கூட்டினால் கிலோமீட்டருக்கு 1.35 ரேண்ட். 700 கிலோமீட்டருக்கு 945. இப்போது அந்த 600ஐத் திரும்பப் பாருங்கள். பெட்ரோலுக்கு 385 போனால் மிஞ்சுவது 215. விலை இறக்கத்துக்கே 210 போய்விடுகிறது. சர்வீஸும் டயரும் உங்கள் சம்பளத்திலிருந்து போகின்றன, மாதம் 345 ரேண்ட் நீங்கள் ஆபீஸுக்குக் கொடுக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

அப்புறம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகிற செலவு, அதாவது இன்சூரன்ஸும் வருடாந்திர லைசென்ஸ் டிஸ்கும். "அது எப்படியும் நீ கட்டத்தானே போகிறாய்" என்று முதலாளி சொல்லலாம், அந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் ஓட்டம் ஆபீஸுக்கு என்றால், பைக் இல்லாவிட்டால் அந்த வேலையே நடக்காது என்றால், ஓட்டத்தின் விகிதத்தில் பங்கு போடுவதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். மாதம் மொத்த ஓட்டம் 1,250, அதில் ஆபீஸ் 700, அதாவது 56 சதவீதம். இன்சூரன்ஸ் 300, டிஸ்க் மாதக் கணக்கில் 30, மொத்தம் 330 என்றால் ஆபீஸின் பங்கு 185 ரேண்ட்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கணக்கில் மிகப் பெரிய ஆபத்து இதில்தான் இருக்கிறது. உங்கள் பாலிசி சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று இருக்கிறதா, வேலைக்கும் ஓட்டலாம் என்று இருக்கிறதா? சொந்த உபயோகத்துக்கு என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஆபீஸ் ஃபைலோடு போகும்போது விபத்து நடந்தால் க்ளெய்மை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இடம் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இப்படித்தான் ஆனது. பைக்கும் போய், கடன் தவணை மட்டும் பாக்கி நின்றது. பெட்ரோலில் சேர்த்துக் கட்டும் லெவியிலிருந்து நடக்கும் சாலை விபத்து நிதி உடம்புக்கு ஆன காயத்துக்குத்தான், பைக்குக்கு ஒரு சென்டும் தராது. அதனால் நாளைக்கே போன் செய்து வேலை உபயோகத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றினால் கூடும் பிரீமியம் முழுக்க முழுக்க ஆபீஸால் வருவது, அதில் பங்கு பிரிக்க வேண்டியதில்லை. அது மாதம் 60 ரேண்ட் என்று வைப்போம்.

945, 185, 60. மொத்தம் 1,190. 700ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 1.70 ரேண்ட்.

நண்பர் சொன்ன எண் எங்கிருந்து வருகிறது என்றால், 2025 மார்ச்சில் தொடங்கிய வரி ஆண்டுக்கு சார்ஸ் அறிவித்த விகிதம் கிலோமீட்டருக்கு 4.76 ரேண்ட். 700ஆல் பெருக்கினால் 3,332. அது கார் ஓட்டும் செலவை ஒட்டிய எண். அதோடு, வேலைக்காக ஓடிய கிலோமீட்டருக்கு இந்த அளவுக்குள் கொடுத்தால் மாதா மாதம் வரி பிடிக்க வேண்டாம் என்று சொல்கிற எல்லைதானே தவிர, முதலாளி இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்கிற கட்டளை இல்லை. 125 பைக்குக்கு அதைக் கேட்டால் அவர் முதல் வரியிலேயே மறுத்துவிடுவார், உங்கள் நியாயமான கணக்கையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்.

ஆனால் சார்ஸ் விதியில் உங்களுக்கு உபயோகமான விஷயம் வேறு ஒன்று உண்டு. இப்போது போல் மாதம் இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்தால் அது பயணப் படி ஆகிவிடுகிறது, வழக்கமாக அதில் 80 சதவீதத்தைச் சம்பளத்தோடு சேர்த்துத்தான் வரி பிடிப்பார்கள். ஓடிய கிலோமீட்டருக்கு விகிதப்படி கொடுத்தால் அந்தப் பிடித்தம் வராது. அதனால்தான் இன்சூரன்ஸும் டிஸ்கும் சேர்ந்த 245ஐ தனியாக மாதத் தொகையாக வாங்காமல், எல்லாவற்றையும் 1.70க்குள் அடக்கச் சொல்கிறேன். டிசம்பரில் ஆபீஸ் மூடும்போது ஓட்டம் குறைந்து உங்களுக்குக் கொஞ்சம் கைவிட்டுப் போகும், பிப்ரவரியில் வரி ஆண்டு முடியும் சமயம் ஓட்டம் கூடி அது திரும்பி வந்துவிடும்.

கிலோமீட்டருக்கு என்று கேட்டால் லாக்புக் இல்லாமல் முடியாது. தேதி, புறப்படும்போது ஓடோமீட்டர், திரும்பும்போது ஓடோமீட்டர், எங்கே, எதற்கு, இவ்வளவு போதும். ஓடோமீட்டரை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் சாயந்திரம் உட்கார்ந்து எழுதலாம். வீட்டிலிருந்து ஆபீஸ் போகும் தூரம் உங்கள் சொந்தக் கணக்கு, சார்ஸும் அப்படித்தான் பார்க்கிறது. காலையில் வீட்டிலிருந்து நேராக ஃபீனிக்ஸில் ஒரு வாடிக்கையாளர் கடைக்குப் போய்விட்டு ஆபீஸ் வருகிறீர்கள் என்றால் மொத்த தூரத்திலிருந்து வழக்கமான வீடு-ஆபீஸ் தூரத்தைக் கழித்துவிட்டு மீதியை எழுதுங்கள். நடுவில் சொந்த வேலைக்கு எங்காவது திரும்பினால் அதையும் கழித்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் 700இல் இதெல்லாம் கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கலந்திருந்தால் 700 என்பது 550 ஆகலாம், அப்போது ஆபீஸின் பங்கு சதவீதமும் மாறும். கேட்கப் போவதற்கு முன்னால் ஒரு முழு மாதம் எழுதிப் பார்ப்பது நல்லது.

பெட்ரோல் விலை இங்கே ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறுகிறது, அதற்காக மாதா மாதம் விகிதத்தை மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தரும் பைக்கில் ஒரு ரேண்ட் ஏறினால் கிலோமீட்டருக்கு இரண்டரை சென்ட்தான், 700 கிலோமீட்டருக்கு 17 ரேண்ட் 50 சென்ட். விலை 22லிருந்து இரண்டு ரேண்டுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ திருத்துவோம், இல்லாவிட்டால் ஒவ்வொரு மார்ச்சிலும் பார்ப்போம் என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் 55, 25, 25, 30 என்று ஒவ்வொரு எண்ணும் எந்த பில்லிலிருந்து வந்தது என்றும் எழுதி, பில்லின் நகலைப் பின் செய்து கொடுங்கள். கணக்கு ஆபீஸ் நடத்துகிறவர், பில் இருந்தால் படிப்பார்.