‘வைக்கோற்போரில் ஊசி’ சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கிய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை நம்பி, எங்கள் அலுவலக ஆவணங்களை ஒப்படைக்கலாமா?

விற்க வந்தவர் காட்டிய பச்சைக் கட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதே பச்சைப் படத்தை என் கையாலேயே தயாரித்து, அதனாலேயே தலைகுனிந்தவன் நான்.

இந்தச் சோதனையைப் பிரபலமாக்கியவர் கிரெக் கம்ராட், 2023 நவம்பரில். பால் கிரஹாமின் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒட்டி நீட்டினார், அதுதான் வைக்கோற்போர். ‘சான் பிரான்சிஸ்கோவில் செய்யச் சிறந்த காரியம், வெயிலடிக்கும் நாளில் டொலோரஸ் பூங்காவில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவது’ என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை அதற்குள் செருகினார். பிறகு, சான் பிரான்சிஸ்கோவில் செய்யச் சிறந்தது எது என்று மாதிரியிடம் கேட்டார். உரையின் நீளத்தையும் ஊசி கிடக்கும் ஆழத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டு, கண்டுபிடித்தால் பச்சை, தவறினால் சிவப்பு.

நான் அப்போது ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்காக நாற்பது கடை வாடகை ஒப்பந்தங்களை ஒரே உரையாகக் கோத்து, கேள்வி கேட்டால் பதில் சொல்லும்படி ஒரு மாதிரியிடம் கொடுக்க வேண்டும். அந்த வேலையே தனிக் கொடுமை. பாதி ஒப்பந்தங்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை; திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களை என்ன சொல்வது? மாற்றி எடுப்பதற்கே இரண்டு வாரம் போயிற்று.

அதன்பின் ஊசி செருகினேன். ‘மதுரையில் மழை நாளில் செய்யச் சிறந்தது, இஞ்சி டீ வாங்கிக்கொண்டு தெப்பக்குளப் படியில் உட்காருவது.’ ஐந்து நீளம், பதினொரு ஆழம், ஆக 55 கட்டங்கள். எல்லாம் பச்சை. மேலாளர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாடிக்கையாளரிடம் காட்டினார். நானும் பக்கத்தில் பெருமையாகத்தான் நின்றேன், மறைக்கவில்லை.

இரண்டாம் நாளே வழக்கறிஞர் அம்மா ஒரு கேள்வி கேட்டார்: இருபத்து மூன்றாம் ஒப்பந்தக் கடையை வாடகைதாரர் உள்வாடகைக்கு விடலாமா? தடை எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அவர் காகிதத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்: ‘மேற்படி இடத்தைப் பிறர் அனுபோகத்துக்கு விடுவதில்லையென்று இரண்டாவது பார்ட்டியார் சம்மதிக்கிறார்.’ என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான்.

மாதிரிக்கு ‘அனுபோகம்’ புரியவில்லையோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்து அதே கேள்வியைக் கேட்டேன், சரியாகச் சொன்னது. மறுபடி நாற்பதையும் கொடுத்து, இம்முறை ‘பிறர் அனுபோகத்துக்கு விடலாமா’ என்று கேட்டேன். உடனே எடுத்துக் கொடுத்தது. ஆக, பொருளும் தெரிகிறது, நீண்ட உரையிலும் தேட முடிகிறது. கேள்வியின் சொல் உரையில் இல்லாமல், உரையும் நீளமாகும்போதுதான் கோட்டை விடுகிறது. என் ஊசியிலோ மதுரை, மழை, சிறந்தது என்று கேள்வியின் சொற்கள் அத்தனையும் இருந்தன. போதாததற்கு, வாடகைச் சரத்துகளுக்கு நடுவே இஞ்சி டீ, கல்யாணப் பந்தியில் யானை வந்து உட்கார்ந்ததுபோல் தனியாகத் தெரிந்திருக்கும். நான் சோதித்தது வாசிப்பை அல்ல, சொல் பொருத்தத்தை.

இது என் ஒருவன் அனுபவம் என்று தள்ளிவிட வேண்டாம். கேள்விக்கும் ஊசிக்கும் பொதுச் சொல் இல்லாதபடி அமைத்த நோலிமா என்ற சோதனை 2025-இல் வந்தது. அதில் பெரும்பாலான மாதிரிகள், உரையைச் சொல் துண்டுகளாக வெட்டி எண்ணும் டோக்கன் கணக்கில் 32,000 நீளத்திலேயே, குறுகிய உரையில் வாங்கிய மதிப்பெண்ணில் பாதிக்கும் கீழே இறங்கின.

‘கேள்வியை ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும்’ என்று சிலர் வருவார்கள். நியாயம்தான். 2023 டிசம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் கிளாட் 2.1 மாதிரியின் பதில் தொடக்கத்தில், மிகப் பொருத்தமான வாக்கியம் இதோ என்ற பொருளில் ஒரே ஒரு வரி சேர்த்ததும் இதே ஊசிச் சோதனையில் மதிப்பெண் 27 சதவீதத்திலிருந்து 98-க்கு ஏறியது. நானும் அப்படிச் செய்து பார்த்தேன். ‘வாடகை’ என்ற சொல் உள்ள வேறொரு சரத்தை மேற்கோள் காட்டிவிட்டு, தடை இல்லை என்றே மறுபடியும் சொன்னது.

சோதனையே வீண் என்று நான் சொல்லவில்லை. இதில் தோற்கிற மாதிரியைத் தைரியமாக ஒதுக்கலாம். ஜெயித்ததை வாங்குமுன், உங்கள் ஆவணங்களிலேயே ஏற்கெனவே கிடக்கும் பத்து விவரங்களை எடுங்கள். எதையும் புதிதாகச் செருக வேண்டாம். கேள்விகளை ஆவணம் பார்க்காத ஒருவரைவிட்டு அவர் பேச்சு வழக்கில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் தனிப் பக்கமாக ஒரு முறை, முழுக் கட்டாக ஒரு முறை கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் பார்க்க வேண்டிய எண்.

அந்த வழக்கறிஞர் அம்மா இன்றும் அதைப் பயன்படுத்துகிறார். ‘உள்வாடகை, மேல்வாடகை, அனுபோகம், சுவாதீனம்’ என்று எல்லாச் சொல்லையும் ஒரே கேள்வியில் அடுக்கிக் கேட்கிறார். அப்புறமும் காகிதத்தை ஒரு முறை புரட்டிப் பார்க்கிறார்.