சார்ஜிங் கேபிள் லாக்: எப்போ பிடிக்கும், எப்போ விடும்?

ராயபுரத்தில் எலெக்ட்ரிக் கார் வேலை பார்க்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே கேபிள் லாக் பற்றித்தான்.

தண்டையார்பேட்டை: "அண்ணா, ராத்திரி தெருவுல சார்ஜ் போட்டேன். காலையில கதவைத் திறந்துட்டேன், ஆனா கேபிள் வரல. பலமா இழுக்கலாமா?"

வேண்டாம் தம்பி. காரின் சாக்கெட் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் இருக்கு. அது ஒரு பின்னைத் தள்ளும், அந்தப் பின், நாம சொருகுற கேபிள் முனையான கன்னில் இருக்கிற குழியில் போய் உட்காரும். நீங்க இழுத்தா மொத்த பாரமும் அந்தப் பின் மேலதான் விழும். இழுக்க இழுக்க அது குழியின் ஓரத்தில் நெருக்கிக்கும், மோட்டாரால் பின்னைத் திரும்ப இழுக்க முடியாது. கேபிள் தன் எடையில் தொங்கினாலே சில சமயம் இப்படி ஆகும்.

ஒரு கையால கன்னைக் கொஞ்சம் தூக்கி, காருக்குள்ள அழுத்திப் பிடிங்க. இன்னொரு கையால ரிமோட்டில் முதலில் லாக், அப்புறம் அன்லாக். "டக்"னு சத்தம் வந்ததும் நேரா இழுங்க. எதுக்கு முதலில் லாக்? சாவி பையில இருந்தாலே பல வண்டிகள் கதவைத் திறந்துடும். கார் ஏற்கெனவே திறந்த நிலையில் இருந்தா, வெறும் அன்லாக்கை அது புது உத்தரவா எடுத்துக்காம போகலாம். இன்னொன்று, லாக் விட்ட பிறகு சும்மா நின்னா சில வண்டிகள் கொஞ்ச நேரத்தில் மறுபடி பூட்டிடும்.

திருவொற்றியூர்: "எங்களுக்கு பார்க்கிங் கிடையாது, தெருவோரம்தான். கார் செட்டிங்கில் எப்பவும் லாக்கா, சார்ஜ் முடிஞ்சதும் ரிலீஸா, எதை வைக்கட்டும்?"

எப்பவும் லாக், கார் அன்லாக் பண்ணும்போது மட்டும் ரிலீஸ். கணக்கு போட்டுப் பாருங்க. 30 யூனிட் பேட்டரி, 20 சதவீதத்தில் ராத்திரி 10 மணிக்குப் போடுறீங்க. 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட். 80 சதவீதத்தில் நிக்கிற மாதிரி வெச்சிருந்தா 18 யூனிட் வேணும், நஷ்டத்தையும் சேர்த்தா விடியற்காலை 4.30, 5 ஆகிடும். "முடிஞ்சதும் ரிலீஸ்" வெச்சிருந்தா, நீங்க 7 மணிக்கு இறங்கி வர்ற வரைக்கும் கேபிள் யார் கைக்கும் வரும்.

ஆனா கார் பூட்டுறது கார் பக்கத்து முனையை மட்டும்தான். சுவத்தில் இருக்கிற மூணு பின் பிளக்கை யாரும் உருவலாம். அந்த பாயின்ட் வீட்டுக்குள்ளயோ, பூட்டு போட்ட பெட்டிக்குள்ளயோ இருக்கணும்.

பெரம்பூர்: "நாங்க அப்பார்ட்மென்ட். ஒரே சார்ஜர், நாலு கார். எனக்கும் அதேதானா சார்?"

இல்லைங்க மேடம், உங்களுக்கு நேர்மாறு. கேட் உள்ள இடம், அடுத்தவர் காத்திருப்பார். முடிஞ்சதும் விடட்டும். அப்போதான் நீங்க தூங்கும்போது அவரே கன்னை எடுத்துத் தன் வண்டியில் போட முடியும்.

வியாசர்பாடி: "கரண்ட் போனா லாக் தானா திறந்துடும். எங்க வண்டில நானே பார்த்திருக்கேன்."

பார்த்தது சரி, காரணம்தான் வேற. பின் நிக்கிறதுக்கு வீட்டு கரண்ட் தேவையில்லை, அதை நகர்த்துறது காரின் 12 வோல்ட் பேட்டரி. உங்க வண்டி "சார்ஜ் போகும்போது மட்டும் லாக்"னு இருந்திருக்கும். கரண்ட் போனதை அது சார்ஜ் நின்னதா எடுத்துக்கிட்டு விட்டிருக்கும். "எப்பவும் லாக்"கில் வைங்க, கட் ஆனாலும் பிடிச்சிருக்கும். அந்த 12 வோல்ட் செத்துட்டாதான் சிக்கல், பூட்டினது பூட்டினபடி நிக்கும். அதுக்காகப் பல கார்களில் டிக்கிக்குள்ளயோ பானெட்டுக்கு அடியிலயோ கையால இழுக்கிற ஒரு கயிறு வெச்சிருப்பாங்க. இடம் மேனுவலில் இருக்கும், இன்னைக்கே பார்த்து வைங்க. சுவர் ஸ்விட்சை அணைச்சிட்டுத்தான் அதை இழுக்கணும்.

கொருக்குப்பேட்டை: "எனக்கும் இதே பிரச்சினைதான். சார்ஜிங் மூடியே திறக்க மாட்டேங்குது."

அது மூடியோட லாக் அண்ணே, வேற சமாச்சாரம். வண்டியைக் கொண்டு வாங்க, பார்த்துடலாம்.

மணலி: "ஃபாஸ்ட் சார்ஜர்ல மட்டும் என் செட்டிங்கை மதிக்கவே மாட்டேங்குது."

மதிக்காது, மதிக்கவும் கூடாது. வீட்டு சார்ஜில் கன் உருவினா சிக்னல் பின் முதல்ல விலகி, கார் உடனே கரண்டை நிறுத்திடும். ஃபாஸ்ட் சார்ஜில் பல நூறு வோல்ட் டி.சி. ஓடுது, அந்த ஓட்டத்தில் உருவினா நெருப்புப் பொறி நீளமா இழுக்கும். அதனால செட்டிங் எதுவா இருந்தாலும் சார்ஜ் நிக்கிற வரைக்கும் பூட்டியே இருக்கும். பூட்டலைன்னா சார்ஜே ஆரம்பிக்காது. மோட்டார் "டக் டக்"னு ரெண்டு மூணு முறை முயற்சி பண்ணிட்டு எர்ரர் காட்டினா, பெரும்பாலும் கன் முழுசா உள்ளே போகலைன்னு அர்த்தம். எடுத்துட்டு மறுபடி அழுத்திப் போடுங்க.

மறுபடி தண்டையார்பேட்டை: "நீங்க சொன்னபடி பண்ணேன், வந்துடுச்சு அண்ணா. ஆனா வாரத்துல ரெண்டு நாள் இதே கதை. கடல் காத்தாலயா?"

இருக்கலாம். காசிமேட்டு வண்டி ஒண்ணில் பின் வர்ற ஓட்டையைச் சுத்தி வெள்ளையா உப்பு படிஞ்சிருந்ததைப் பார்த்தேன். உலர்ந்த துணியால துடைங்க, எண்ணெயோ ஸ்ப்ரேயோ அடிக்காதீங்க. ஆனா உங்க கேபிள் தொங்குறதும் காரணமா இருக்கலாம். ஒரு வாரம் கேபிளுக்குக் கீழ ஒரு ஸ்டூல் வெச்சுப் பாருங்க. அப்பவும் மாட்டினா மோட்டாரைப் பிரிச்சுத்தான் சொல்ல முடியும்.