அறையைக் காலி செய்தாயிற்று, டெபாசிட் ஹோல்டு மட்டும் விடவில்லை: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஓட்டலில் சேரும்போது டெபாசிட் என்று என் கிரெடிட் கார்டில் 300 பிளாக் செய்தார்கள். காலி செய்து 12 நாள் ஆகிறது, இன்னும் விடவில்லை. ஓட்டலைக் கேட்டால் “எங்கள் பக்கம் எல்லாம் முடிந்தது, வங்கியைக் கேளுங்கள்” என்கிறார்கள். வங்கி ஓட்டலைக் கை காட்டுகிறது. கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன், என்ன எழுதுவது?

பதில்: கடிதத்துக்கு முன்னால் ஒரு வேலை. சேர்ந்த அன்று கொடுத்த கார்டு ஸ்லிப்பையும் கிளம்பிய அன்று கொடுத்த ஸ்லிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அப்ரூவல் கோடு என்று பெரும்பாலும் ஆறு எழுத்தில் ஒன்று அச்சாகியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த ஹோல்டிலிருந்தே பில்லை எடுத்திருக்கிறார்கள், மிச்சம் வருவதற்கு வங்கிதான் நேரம் எடுக்கிறது. கோடு வேறு வேறாக இருந்தால் கதை வேறு.

நான் பல வருடம் ஓட்டல் வரவேற்பிலும் அப்புறம் கணக்குப் பிரிவிலும் இருந்தவள். காலை நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் பெட்டியோடு வந்து நிற்பார்கள். முறைப்படி செய்வதானால் பழைய ஹோல்டைத் தேடி, அந்தக் கோடைப் போட்டு, பில் தொகைக்கு அதை முடிக்க வேண்டும். அதற்கு நேரமில்லாமல் “அதே கார்டா?” என்று கேட்டு, கார்டை வாங்கிப் புதிதாக ஒரு SALE போட்டுவிடுவார்கள். பில் பூஜ்யமாகிவிடும், விருந்தினரும் கிளம்பிவிடுவார். பழைய ஹோல்டை யாரும் தொடவில்லை, அது அநாதையாக உங்கள் கார்டில் தொங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் போன் செய்யும்போது அவர்கள் திறந்து பார்ப்பது பில் பக்கத்தை. அதில் பாக்கி எதுவும் இல்லை, அதனால்தான் “முடிந்தது” என்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், அவர்கள் பார்க்கும் இடத்தில் அது தெரியாது.

அதே நபர்: பார்த்தேன் அக்கா. சேர்ந்த அன்று PRE-AUTH, 300, கோடு 04731K. கிளம்பிய அன்று SALE, 212.40, கோடு 118265. கார்டு ஆப்பில் 212.40 கணக்கில் ஏறிவிட்டது, 300 இன்னும் Pending என்று நிற்கிறது.

பதில்: அப்போ சந்தேகமே இல்லை. தங்கியதற்கு 212.40தான், ஆனால் உங்கள் கார்டு வரம்பில் 512.40 குறைந்து நிற்கிறது. வரவேற்புக்கு எழுதாதீர்கள், ஷிப்ட் மாறினால் கடிதமும் காணாமல் போகும். கணக்குப் பிரிவுக்கு எழுதி, வரவேற்பு மேலாளருக்கு நகல் போடுங்கள். “என் பணம் வரவில்லை” என்று ஆரம்பித்தால் அவர்கள் திரும்பவும் பில்லைத்தான் திறப்பார்கள், அதனால் முதல் வரியிலேயே கோடைச் சொல்லிவிடுங்கள். இப்படி:

“கணக்குப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: விடுவிக்கப்படாத ஹோல்டு, அப்ரூவல் கோடு 04731K, தொகை 300.

உங்கள் ஓட்டலில் (அறை எண், தங்கிய தேதிகள், முன்பதிவு எண்) தங்கினேன். சேர்ந்த அன்று என் கார்டில் (கடைசி நான்கு இலக்கம் மட்டும்) மேற்கண்ட ஹோல்டு போடப்பட்டது. கிளம்பிய அன்று பில் தொகை 212.40, 118265 என்ற வேறு கோடில் புதிய விற்பனையாக எடுக்கப்பட்டது. அது கணக்கில் ஏறிவிட்டது. எனவே 04731K ஹோல்டு எந்தப் பில்லோடும் சேராமல் நிற்கிறது. இரண்டு ஸ்லிப்பின் படமும் வங்கிக் கணக்கின் படமும் இணைத்துள்ளேன்.

இந்த ஹோல்டை கார்டு மெஷினிலிருந்து ரத்து செய்து, ரத்து செய்த ஸ்லிப்பை அனுப்புங்கள். மெஷினில் இப்போது முடியாது என்றால், இந்தக் கோடையும் தொகையையும் தேதியையும் குறிப்பிட்டு, ‘இந்த ஹோல்டின் மீது நாங்கள் பணம் எடுக்க மாட்டோம், விடுவிக்கலாம்’ என்று ஓட்டலின் கடிதத்தாளில் கையெழுத்திட்டு என் வங்கிக்கு அனுப்பி, எனக்கும் நகல் தாருங்கள். மூன்று வேலை நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.”

முழுக் கார்டு எண்ணை எழுதவே எழுதாதீர்கள், அவர்களே கேட்டாலும். கோடும் தேதியும் கடைசி நான்கு இலக்கமும் இருந்தால் தேடி எடுத்துவிடலாம்.

கேள்வி: மேடம், இதெல்லாம் எதற்கு? ஹோல்டு 7 நாளில் தானாக விழுந்துவிடும். ஓட்டல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கடிதம் வீண் வேலை.

பதில்: தானாக விழும் என்பது சரி. 7 நாள் என்பதுதான் இடிக்கிறது. சாதாரணக் கடையில் போட்ட ஹோல்டுக்குப் பெரும்பாலும் அந்தக் கணக்கு ஒத்துவரும். ஓட்டலில் ஆட்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள் என்பதால் பெரிய கார்டு நிறுவனங்களின் விதிகளே தங்கும் விடுதிகளுக்கு 30 நாள் வரை இடம் கொடுக்கின்றன. அதற்குள் எந்த நாளில் விடுவது என்பதை உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி முடிவு செய்கிறது. மேலே கேட்டவருக்கு 12 நாள் ஆகிவிட்டது, மிச்ச நாளும் சும்மா இருக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கிரெடிட் கார்டில் வரம்பு நிறைய இருந்து அவசரமும் இல்லையென்றால் நீங்கள் சொல்கிறபடி காத்திருக்கலாம்தான்.

கேள்வி: நான் படிக்கிற பெண். என்னிடம் டெபிட் கார்டுதான் இருக்கிறது, அதில்தான் ஹோல்டு போட்டார்கள். இரண்டாவது வாரம் வீட்டு வாடகை போகாமல் திரும்பி, வங்கி அபராதமும் போட்டுவிட்டது. ஓட்டலிடம் அந்த அபராதத்தைக் கேட்கலாமா?

பதில்: கேளுங்கள் அம்மா, ஆனால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியவில்லை. டெபிட் கார்டில் பூட்டப்படுவது உங்கள் சொந்தப் பணம், அதனால் அடி நேராக உங்களுக்குத்தான் விழுகிறது. வாடகை திரும்பிய தேதி, அபராதம் விழுந்த வரி, அன்றைக்கும் ஹோல்டு நின்றது என்பதற்கு ஒரு படம், இந்த மூன்றையும் கடிதத்தோடு சேர்த்து, கோடுகள் வேறு என்பதையும் காட்டுங்கள். தவறு தன்னுடையது என்று கண்ணெதிரே தெரிந்ததும் கொடுத்த மேலாளரைப் பார்த்திருக்கிறேன், “ஹோல்டு போடுவோம் என்று பதிவு அட்டையில் கையெழுத்து வாங்கினோமே” என்று மறுத்தவரையும் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதில் பாதிதான் நியாயம். நீங்கள் கையெழுத்து போட்டது ஹோல்டு போடுவதற்கு, விடாமல் வைத்திருப்பதற்கு இல்லை. அபராதத்தை நீக்கச் சொல்லி வங்கியிடமும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், சில நேரம் அந்த வழி சீக்கிரம் முடியும்.

கேள்வி: எனக்கும் இதே பிரச்சினை. துண்டில் கறை என்று சொல்லி டெபாசிட்டிலிருந்து 60 எடுத்துவிட்டார்கள். நானும் இந்தக் கடிதத்தையே அனுப்பட்டுமா?

பதில்: வேண்டாம், உங்களுடையது வேறு. அந்த 60 ஹோல்டு இல்லை, கணக்கில் ஏறிவிட்ட கட்டணம். கறையின் படமும், எந்த அடிப்படையில் 60 என்பதும் ஓட்டலிடம் எழுத்தில் கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் வங்கியில் அந்தக் கட்டணத்தை எதிர்த்து மனு கொடுக்கலாம், அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். மேலே உள்ளவர்களுக்கு அந்த வழியே கிடையாது, ஏனென்றால் பணம் இன்னும் எங்கேயும் போகவில்லை. Pending என்று இருக்கும்வரை எதிர்ப்பதற்கு ஒரு கட்டணமே இல்லை என்றுதான் வங்கி சொல்லும்.

கேள்வி: சார் / மேடம், ஓட்டலிடம் 23 இலக்க ARN எண் கேள், அதை வைத்து வங்கி கண்டுபிடித்துவிடும் என்று நண்பன் சொன்னான். ஓட்டலோ அப்படி ஒன்று இல்லை என்கிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: உண்மையில் இருக்காது. பணத்தை உண்மையிலேயே எடுக்கும்போதும், எடுத்ததைத் திருப்பி அனுப்பும்போதும்தான் அந்த எண் பிறக்கும், வெறும் ஹோல்டுக்குப் பிறக்காது. உங்கள் டெபாசிட்டை ஹோல்டாக வைக்காமல் நேரடியாகவே எடுத்திருந்தால் நண்பர் சொன்னது சரி. கணக்கில் Pending போய், ஏறிவிட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அப்படிக் காட்டினால், திருப்பி அனுப்பியதற்கான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேறு நாட்டு நாணயத்தில் எடுத்திருந்தால் திரும்பி வரும் தொகை கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், எடுத்த நாளின் மாற்று விகிதம் வேறு, கொடுக்கும் நாளின் விகிதம் வேறு.

கேள்வி: நானும் வரவேற்பில் வேலை பார்த்தவன்தான். நாங்கள் ஒவ்வொரு ஹோல்டையும் அன்றைக்கே ரத்து செய்துவிடுவோம். இழுப்பது வங்கிதான். ஏன் எல்லாப் பழியையும் ஓட்டல் மேல் போடுகிறீர்கள்?

பதில்: உங்கள் இடத்தில் ஒழுங்காக நடந்திருக்கும், நம்புகிறேன். ரத்துச் செய்தி வந்த பிறகும் இரண்டு மூன்று நாள் வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு. ஆனால் மெஷின் “ரத்து” என்று ஸ்லிப்பைத் துப்பிவிட்டு, அந்தச் செய்தி கார்டு கொடுத்த வங்கிவரை போய்ச் சேராததையும் பார்த்திருக்கிறேன். ஓட்டலுக்கு மெஷின் கொடுத்த வங்கி ஒன்று, விருந்தினருக்குக் கார்டு கொடுத்தது இன்னொன்று, நடுவில் எங்கே நின்றது என்பது வரவேற்பில் இருப்பவருக்கும் தெரியாது, விருந்தினருக்கும் தெரியாது. அதனால்தான் ஸ்லிப் கேட்பதோடு நிறுத்தாமல் வங்கிக்கு ஒரு கடிதமும் கேட்கச் சொல்கிறேன். எந்தப் பக்கம் அதிகம் தவறுகிறது என்பதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன், பரவாயில்லை.

முதலில் கேட்டவர்: அக்கா, கடிதம் அனுப்பிய இரண்டாம் நாளே கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் பேசினார். பழைய ஹோல்டு அப்படியே கிடப்பதை அவரே பார்த்துச் சொன்னார். மெஷினில் முடியவில்லை என்று வங்கிக்குக் கடிதம் கொடுத்தார், நேற்று மாலை 300 விடுபட்டது. ஆனால் இன்னும் ஒரு 80 Pending காட்டுகிறதே?

பதில்: இடையில் ஒரு நாள் தங்கலை நீட்டித்தீர்களா? நீட்டித்தால் பழைய ஹோல்டோடு கூடுதலாக இன்னொன்று போடுவார்கள், சில மெஷினில் அது தனிக் கோடோடு தனி வரியாக நிற்கும். ஓட்டலின் கடிதத்தில் 04731K மட்டும் இருந்திருக்கும், வங்கியும் அதை மட்டும்தான் விட்டிருக்கும்.

முதலில் கேட்டவர்: ஆமாம் அக்கா, ஒரு இரவு நீட்டித்தேன். அதற்கு ஸ்லிப்பே கொடுக்கவில்லை.

பதில்: வங்கிக்குப் போன் செய்து அந்த 80க்கு அப்ரூவல் கோடு என்ன என்று கேளுங்கள், அவர்கள் திரையில் இருக்கும். அந்தக் கோடோடு அதே ஆளுக்கு, அதே கடிதத்துக்குப் பதிலாகவே எழுதுங்கள். இந்த முறை “என் பெயரில் வேறு ஏதாவது கோடு திறந்திருந்தால் அதையும் சேர்த்து” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.