கோயிலுக்குள் குறும்படம்: அனுமதிக் கடிதத்தை யாருக்கு, எப்படி எழுதுவது?

கேள்வி: நான் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் வெளிப்பிரகாரத்தில் பாட்டியும் பேத்தியும் பேசும் ஒரு காட்சியை எடுக்க வேண்டும். குருக்கள் "தாராளமா எடுத்துக்கோங்க" என்றார். ஆனால் கேமராவை வெளியே எடுத்ததுமே காவலாளி தடுத்து, ஆபீஸில் லெட்டர் கொடுக்கச் சொல்லிவிட்டார். யாருக்கு, என்ன எழுத வேண்டும்? வாசலில் உள்ள பூக்கடையிலும் ஒரு ஷாட் இருக்கிறது.

பதில்: குருக்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பூஜை அவர் பொறுப்பு. வளாகம் நிர்வாகத்தின் பொறுப்பு. உங்கள் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின்கீழ் இருந்தால் கடிதம் செயல் அலுவலருக்குப் போக வேண்டும். யார் நிர்வாகம் என்பது வாசல் பலகையிலும் அர்ச்சனைச் சீட்டிலும் அச்சாகியிருக்கும். சின்னக் கோயில் என்றால் ஒரே செயல் அலுவலர் பல கோயில்களைப் பார்ப்பார். அவர் எந்த அலுவலகத்தில், எந்த நாளில் இருப்பார் என்று கணக்கரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பரம்பரை அறங்காவலர் நிர்வகிக்கும் கோயிலாக இருந்தால் அவர் பெயருக்கே எழுத வேண்டும். வாசலில் இந்தியத் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை இருந்தால், தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போல, அது வேறு கணக்கு. அங்கே கோயில் அலுவலகத்தின் சம்மதம் மட்டும் போதாது, தொல்லியல் துறையின் அனுமதியும் வேண்டும்.

காவலாளி மேல் கோபப்படாதீர்கள். 2022 டிசம்பரில் திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்குப் பிறகு வாசலிலேயே கைபேசியை வாங்கி வைக்கும் கோயில்கள் பல. அதனால் நீங்கள் கைபேசியில் படம் எடுப்பதாக இருந்தாலும், ஒலிப்பதிவுக்கு மட்டும் பயன்படுத்துவதாக இருந்தாலும், "கைபேசி 1" என்று கருவிப் பட்டியலில் எழுதுங்கள். கடிதத்தில் இல்லாத பொருள் வாசலைத் தாண்டாது.

செயல் அலுவலர் இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது அவர் மனதில் ஓடுவது ஒன்றுதான்: நாளை யாராவது புகார் கொடுத்தால் நான் என்ன பதில் சொல்வேன்? படம் நல்ல படமா என்பது அவர் கவலை இல்லை. எந்த இடம், எத்தனை பேர், எவ்வளவு நேரம், எதைத் தொட மாட்டார்கள் என்பது தாளில் இருந்தால் அவரால் தயங்காமல் கையெழுத்துப் போட முடியும். உங்கள் காட்சிக்குக் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

> அனுப்புநர்: (பெயர், வகுப்பு, கல்லூரி, கைபேசி எண்)
>
> பெறுநர்: செயல் அலுவலர் அவர்கள், அருள்மிகு … திருக்கோயில், (ஊர்)
>
> ஐயா / அம்மா,
>
> பொருள்: கல்லூரிப் பாடத்திட்டக் குறும்படத்திற்காகத் திருக்கோயில் வெளிப்பிரகாரத்தில் இரண்டு மணி நேரம் படம்பிடிக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.
>
> வணக்கம். பாட்டி ஒருவர் தன் பேத்திக்குத் தன் சிறுவயதுத் திருவிழா நினைவுகளைச் சொல்லும் காட்சியை, வெளிப்பிரகாரத்தின் தென்புறத் திண்ணையில் மட்டும் படம்பிடிக்க விரும்புகிறோம். நாள்: (தேதி), புதன்கிழமை, காலை 7 முதல் 9 மணி வரை. அன்று இயலாவிட்டால் அடுத்த புதன்கிழமை.
>
> நடிப்பவர்கள் 2 பேர், படக்குழு 4 பேர். கருவிகள்: கேமரா 1, முக்காலி 1, மைக் 1, கைபேசி 1. விளக்குகளோ டிரோனோ பயன்படுத்த மாட்டோம். கோயில் மின்சாரம் எடுக்க மாட்டோம்.
>
> மூலவர், உற்சவர், கருவறை, அர்த்த மண்டபம் எதையும் படம்பிடிக்க மாட்டோம். பக்தர்களின் முகம் பதிவாகாமலும், வழிபாட்டிற்கும் வழிக்கும் இடைஞ்சல் இல்லாமலும் பார்த்துக்கொள்வோம். பணியாளர் எந்த நேரத்தில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திவிடுவோம்.
>
> படம் கல்லூரியில் திரையிடப்படும். பிறகு யூடியூபில் வெளியிடப்படும். கோயில் விதிப்படியான கட்டணம் இருந்தால் செலுத்துகிறோம்.
>
> இப்படிக்கு, (கையொப்பம், நாள்)
>
> இணைப்பு: துறைத் தலைவர் கடிதம், வசனப் பக்கம், குழுவினரின் அடையாள அட்டை நகல்.

புதன்கிழமை என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. திங்கள் சிவனுக்கு உகந்த நாள். செவ்வாய், வெள்ளியில் ராகு காலத்தில் துர்க்கைக்கு விளக்கு ஏற்ற வருவார்கள். வியாழன் தட்சிணாமூர்த்தி சன்னதியில் வரிசை நிற்கும். சனி, ஞாயிறு சொல்லவே வேண்டாம். புதன்கிழமையிலும் பிரதோஷம், பௌர்ணமி, முகூர்த்தம் விழுகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள். கூட்டம் இல்லாத நாளை நீங்களே தேர்ந்தெடுத்து எழுதினால், கோயில் நடைமுறை தெரிந்த பிள்ளை என்று அலுவலகத்தில் புரிந்துகொள்வார்கள்.

நடை சாத்தியிருக்கும் மதிய நேரத்தைக் கேட்கலாமே என்று தோன்றும். வேண்டாம். உங்களுக்காக ஒரு பணியாளர் சாப்பாட்டு நேரத்தில் காத்திருக்க வேண்டிவரும். அதைவிட, செருப்பில்லாமல் ஒரு மணி வெயிலில் கருங்கல் தளத்தில் கால் வைக்க முடியாது. பாட்டியாக நடிப்பவர் நிஜமாகவே வயதானவர் என்றால் அவரை அப்படி உட்கார வைக்கவே கூடாது. காலை ஏழு மணி வெளிச்சம் தூண்களுக்கு இடையே சாய்வாக விழும். படத்துக்கும் அதுதான் நல்லது.

வசனப் பக்கத்தைச் சேர்க்கப் பலர் தயங்குகிறார்கள். கட்டாயம் சேருங்கள். காட்சியில் சாமியைத் திட்டும் வசனமோ, சாதி பற்றிய பேச்சோ இருந்தால் அதையும் மறைக்காமல் கொடுங்கள். "தல வரலாறு ஆவணப்படம்" என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டு வேறு காட்சி எடுத்தால், பாதியில் நிறுத்துவதோடு விடமாட்டார்கள். அடுத்த வருடம் உங்கள் ஜூனியர்களுக்கும் அந்த வாசல் திறக்காது. யூடியூபில் வெளியிடப்படும் என்று கடிதத்தில் எழுதியதும் அதே காரணத்துக்காகத்தான். வகுப்புக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்த படம் பொதுவெளியில் வந்தால், கையெழுத்துப் போட்ட அலுவலர்தான் முதலில் மாட்டிக்கொள்வார்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, தேதிக்கு மூன்று வாரம் முன்பே நேரில் கொடுங்கள். ஒரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செயல் அலுவலர் தானே முடிவு செய்யாமல் உதவி ஆணையருக்கோ இணை ஆணையருக்கோ அனுப்பினால் நாள் ஆகும். அப்போது "என் லெட்டர் என்ன ஆச்சு?" என்று பொதுவாகக் கேட்காமல், அவர்கள் எழுதிய கடிதத்தின் கோப்பு எண்ணை, அதாவது ந.க. எண்ணைக் கேட்டு வாங்கி, மேல் அலுவலகத்தில் அந்த எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். கட்டணம் கேட்டால் கோயில் பெயர் அச்சிட்ட ரசீதோடு மட்டும் கட்டுங்கள். அனுமதி வாய்மொழியாக வந்தால் போதாது. படம்பிடிக்கும் அன்று அலுவலர் விடுப்பில் இருக்கலாம், வாசலில் வேறு காவலாளி நிற்கலாம். அனுமதி ஆணையின் நகலைக் குழுவில் இருவர் தனித்தனியாக வைத்திருங்கள்.

அப்புறம் அந்தப் பூக்கடை. கடை கோயில் மதிலுக்குள்ளோ, வாசல் மண்டபத்திலோ இருந்தால் கடைக்காரர் பெரும்பாலும் கோயிலின் வாடகைதாரராகத்தான் இருப்பார். அவர் சரி என்றாலும் கேமரா நிற்பது கோயில் இடம். ஆகவே மேலே உள்ள கடிதத்திலேயே "வாசல் பூக்கடை முன் 15 நிமிடம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கடைக்கார அக்காவிடம் தனியாக அரைப் பக்கத்தில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். அவர் முகம் படத்தில் வருமா, கடைப் பெயர்ப் பலகை தெரியுமா, அந்தக் கால் மணி நேரத்தில் வாடிக்கையாளர் வந்தால் நீங்கள் விலகி நிற்பீர்களா என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். காட்சிக்காக அவிழ்க்கும் பூவுக்கு முழு விலையையும் முன்பே கொடுத்துவிடுங்கள். மாலை கட்டிக்கொண்டிருக்கும் காலை நேரத்தைவிட, பதினொரு மணிக்கு மேல் கூட்டம் ஓய்ந்தபின் கையெழுத்துக்குப் போனால் அவரால் உங்களோடு நின்று பேச முடியும்.