பல்புக்குத் தெரிந்த 230 வோல்ட்

கேள்வி: சுழலும் கம்பிச்சுருளில் மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டே இருக்கிறது, பாதி நேரம் எதிர்த்திசைக்கும் போய்விடுகிறது. அப்படியென்றால் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பது எந்தக் கணத்தின் அளவு? சராசரி என்றால் பூச்சியம் அல்லவா வர வேண்டும்?

பதில்:

காரைக்குடியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவரை எனக்கு உடனே பிடித்துவிடும், ஏனென்றால் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருக்கு இது தோன்றாது.

முதலில் சுருளைப் பார்ப்போம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கைப்பிடி வைத்த ஒரு சிறிய மின்னியற்றி இருக்கிறது. அதன் சுருள் 200 சுற்று, அகலம் 5 செ.மீ., நீளம் 8 செ.மீ. என்று கொள்வோம்; பரப்பு 0.004 சதுர மீட்டர். காந்தப்புலம் 0.1 டெஸ்லா. நொடிக்கு 5 சுற்று சுற்றினால் கோணத் திசைவேகம் நொடிக்கு 31.4 ரேடியன்.

```
e = NBAω sin ωt
NBAω = 200 × 0.1 × 0.004 × 31.4 ≈ 2.5 V
```

ஆக, உச்ச மின்னழுத்தம் 2.5 வோல்ட். பலர் தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. சுருளின் முகம் காந்த முனையை நேராகப் பார்க்கும்போதுதான் அதன் வழியே மிக அதிகமான காந்தப்பாயம் செல்கிறது, ஆனால் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் பூச்சியம். பாயம் எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லை, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே கணக்கு. சுருள் புலத்துக்கு விளிம்பைக் காட்டி நிற்கும்போது பாயம் ஒன்றுமில்லை. ஆனால் அப்போதுதான் அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மிக வேகமாகப் புரள்கிறது, 2.5 வோல்ட் கிடைக்கிறது. அரைச்சுற்று கழிந்ததும் சுருளின் முன்பக்கம் பின்பக்கமாகிவிடும், மின்னழுத்தத்தின் திசையும் மாறும்.

ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரி எடுத்தால் பூச்சியம்தான், நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த மின்னியற்றியில் ஒரு சிறு பல்பை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். கைப்பிடி கனக்கும். மின்னோட்டம் திசை மாறும்போது கைப்பிடி உங்களைத் திருப்பித் தள்ளுவதில்லை. அப்போதும் நீங்கள்தான் உழைக்கிறீர்கள், பல்புதான் சூடாகிறது. வெப்பத்துக்குத் திசை கிடையாது, அது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கழித்தல் எண்ணின் வர்க்கமும் கூட்டல் எண்தானே.

எனவே பல்பிடம்தான் கேட்க வேண்டும்: உனக்கு இதே வெளிச்சம் தர எத்தனை வோல்ட் பேட்டரி வேண்டும்? அந்த விடைதான் சராசரி வர்க்க மூல மதிப்பு, ஆர்.எம்.எஸ். என்று எல்லோரும் சொல்வது.

இதை நாங்கள் கண்ணாலேயே பார்க்கிறோம். ஒரே மாதிரியான 12 வோல்ட் மோட்டார்சைக்கிள் பல்பு இரண்டு. ஒன்று பேட்டரியில், மற்றொன்று மின்மாற்றியில், நடுவே ஒரு மாற்றத்தக்க மின்தடை. இரண்டுக்கும் சரியாக நடுவில் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்துகிறோம், அதில் ஒரு சொட்டு நல்லெண்ணெய். எண்ணெய் பட்ட இடம் ஒளியை ஊடுருவ விடும். அதனால் வெளிச்சம் கூடிய பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பொட்டு கருத்துத் தெரியும், குறைந்த பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுத்துத் தெரியும். மின்தடையை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பொட்டு தாளோடு கரைந்து மறைந்துவிடும். அங்கே நிறுத்தி, பல்புகளை இடம் மாற்றி மாட்டி மறுபடி பார்ப்போம், பல்புகளுக்குள் வேறுபாடு இருந்தால் அதில் தெரிந்துவிடும். பிறகு அலைநோக்கியில் பார்த்தால் மாறுதிசைப் பக்கத்தின் உச்சம் ஏறத்தாழ 17 வோல்ட். பேட்டரியோ 12. 17 வோல்ட் வரை ஏறி இறங்கும் அலையும் அசையாத 12 வோல்ட்டும் பல்புக்கு ஒன்றுதான்.

ஏன் 17-க்கு 12? தொகையிடல் இல்லாமலே காட்டலாம். சுருள் 0, 30, 60, 90, 120, 150 பாகையில் இருக்கும்போது சைன் மதிப்புகளை வர்க்கப்படுத்தினால் 0, 0.25, 0.75, 1, 0.75, 0.25. கூட்டினால் 3, ஆறால் வகுத்தால் 0.5. அடுத்த அரைச்சுற்றிலும் இதே எண்கள்தான். வர்க்கங்களின் சராசரி உச்சத்தின் வர்க்கத்தில் சரிபாதி. எனவே அதன் மூலம் உச்சத்தில் 0.707 பங்கு. நம் வீட்டு மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். அதன் வர்க்கம் 1,05,625, பாதி 52,812, மூலம் 230. ஆக, 230 எந்த ஒரு தனிக்கணத்தின் அளவும் அன்று. அலை அந்த அளவை வழியில் கடந்து போகிறது, அவ்வளவுதான்.

இந்த 0.707 எல்லா அலைக்கும் பொருந்தாது; அலை சைன் வடிவில் இல்லாவிட்டால் சாதாரண மீட்டர் காட்டும் அளவையும் நம்ப முடியாது. இதை நான் பள்ளத்தூரில் என் அப்பத்தா வீட்டில் கற்றுக்கொண்டேன். மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரின் வெளியீட்டை என் சாதாரண மீட்டரில் பார்த்தேன், 180 வோல்ட் காட்டியது. பெட்டி பழுதென்று முடிவு செய்து கழற்றப் போனேன். வளவில் தூணருகே உட்கார்ந்திருந்த அப்பத்தா, இரண்டாம் கட்டில் எரிந்த பழைய குண்டு பல்பைக் காட்டி, "பல்பு எப்போதும்போலத்தானே எரிகிறது ராசா, பெட்டியை எதற்குக் கழற்றுகிறாய்?" என்றார். நான் கேட்கவில்லை. கடைக்காரர் சோதித்துவிட்டு 230 சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்த வகை இன்வெர்ட்டர் சைன் அலை தருவதில்லை. 20 மில்லிநொடிச் சுழற்சியில் 5 மில்லிநொடி +325, அடுத்த 5 பூச்சியம், பிறகு 5 மில்லிநொடி −325, மறுபடி 5 பூச்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் மட்டும் மின்னழுத்தம் இருப்பதால் வர்க்கங்களின் சராசரி பாதி, மூலம் 230. பல்புக்கு இதுதான் தெரியும். ஆனால் மலிவான மீட்டர் வர்க்கம் எடுப்பதில்லை. திசையை நீக்கி வெறும் சராசரியை எடுத்து, சைன் அலையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. 325-இல் பாதி 162.5, அதை 1.11-ஆல் பெருக்கினால் 180! மீட்டர் பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கிறேன். இத்தகைய அலைக்கு 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்று அச்சிட்ட மீட்டர்தான் வேண்டும். அது இல்லையென்றால் அப்பத்தா செய்ததுபோல ஓர் இழை பல்பைப் பார்க்கலாம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. உள்ளே இருக்கும் சுற்று வெளிச்சத்தை நிலையாக வைத்துக்கொள்ளும்.

எல்லாப் பொருளும் 230-ஐ மட்டும் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்.இ.டி. பல்பின் உள்ளே டயோடுகளுக்குப் பின்னால் நிற்கும் மின்தேக்கி உச்சம்வரை, அதாவது 325 வோல்ட்வரை, மின்னேற்றம் பெறும். 230-தானே என்று 250 வோல்ட் தாங்கும் மின்தேக்கியைப் போட்டால் அது உப்பி வெடிக்கும். அந்த இடத்தில் 400 வோல்ட் என்று அச்சிட்டதைத்தான் போடுவார்கள்.